எலி கடித்த வயருக்கு ஒரு சரியான ஜாயின்ட்

மேஜை விளக்கின் வயரை எலி கடித்துவிட்டால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். கடிபட்ட இடத்தை வெட்டி, இரண்டு முனைகளையும் பிளேடால் சீவி, சேர்த்து முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவோம். விளக்கும் எரியும். ஒரு கோடை கழிந்ததும் டேப்பின் பசை இளகி, சுற்று நழுவி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். உள்ளே இருக்கும் முறுக்கும் தளர்ந்திருக்கும். விளக்கைத் தட்டினால் எரியும், விட்டால் அணையும்.

இதே வேலையை ஈயம் வைத்துச் சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடினால் வயரின் ஆயுள் வரைக்கும் அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இருபத்தைந்து வாட் சால்டரிங் அயர்ன், கொஞ்சம் ஈயக் கம்பி, இரண்டு அளவில் ஸ்லீவ், நல்ல பிளேடு ஆகியவை இருந்தால் போதும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ எல்லாமே கிடைக்கும். ஸ்லீவை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஈயக் கம்பியை ‘லெட்’ என்று கேட்டால்தான் சில கடைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பிளம்பர்கள் பயன்படுத்தும் அமிலப் பேஸ்ட்டை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள். அது செம்பை நாள்பட அரித்துவிடும்.

வயரைத் தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

எடுத்துக்கொண்ட உதாரணம் இது: 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்ட மேஜை விளக்கு. இரண்டு இழைகள் பக்கத்தில் பக்கமாக ஒட்டிய தட்டையான இரட்டை வயர், கடையில் 23/76 என்பார்கள். மெல்லிய செம்புக் கம்பிகள் இருபத்து மூன்று உள்ளே இருக்கின்றன என்பதே முதல் எண்ணின் பொருள். எலி கடித்திருப்பது விளக்கின் அடித்தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையில் கிடக்கும் பகுதியில். இந்த விளக்கு இழுக்கும் மின்னோட்டம் 0.04 ஆம்பியர், வயரோ சுமார் 5 ஆம்பியர் வரை தாங்கும். அதனால் ஜாயின்ட் சுமை தாங்குமா என்பது இங்கே கேள்வியே இல்லை. பிடிப்பு, காப்பு இரண்டும்தான் கேள்வி.

முதலில் கடிபட்ட பகுதியை இருபுறமும் தாராளமாக வெட்டி எறியுங்கள். கம்பி பளபளவென்று செம்பு நிறத்தில் தெரியும்வரை வெட்ட வேண்டும். பழைய வயரில் செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அதில் ஈயம் ஒட்டாது. முத்து முத்தாக உருண்டு விழும். அந்தக் கறுப்பு வெட்ட வெட்டப் போய்க்கொண்டே இருந்தால் வயரே முழுக்கக் கெட்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஜாயின்ட்டை மறந்துவிட்டுப் புது வயர் போடுவதே புத்திசாலித்தனம்.

அடுத்ததுதான் பலரும் செய்யாத காரியம். இரட்டை வயரின் இரண்டு இழைகளையும் ஒரே நீளத்தில் வெட்டக் கூடாது. அப்படி வெட்டினால் இரண்டு ஜாயின்ட்டும் நேருக்கு நேர் வந்து, ஒன்றின் ஸ்லீவில் சிறு ஓட்டை விழுந்தாலும் மற்றதைத் தொட்டு ஷார்ட் ஆகும். மேலும் அந்த இடம் தவளை விழுங்கிய பாம்பு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். எனவே ஏறுமாறாக வெட்டுகிறோம். இடப்பக்க வயரை முனையிலிருந்து எட்டரை சென்டிமீட்டர் தூரத்துக்கு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு இழையை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் நாலு சென்டிமீட்டரை வெட்டிவிடுங்கள். இப்போது ஒரு கால் எட்டரை, இன்னொன்று நாலரை. வலப்பக்க வயரையும் இதே போல் பிரியுங்கள். ஆனால் இடப்பக்கத்தில் நீளமாக விட்ட இழைக்கு எதிரே வரும் இழையைக் குட்டையாக வெட்டுங்கள். நீளத்துக்குக் குட்டை, குட்டைக்கு நீளம் என்று ஜோடி சேர்கிறது. இரண்டு ஜாயின்ட்டுக்கும் நடுவே நாலு சென்டிமீட்டர் இடைவெளி தானாகவே வந்துவிடும்.

எந்த இழை எதற்கு என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். இரட்டை வயரில் ஒரு இழையின் மேல் மட்டும் மெல்லிய வரப்பு ஓடும், அல்லது எழுத்து அச்சாகியிருக்கும். வரப்புள்ளது வரப்புள்ளதோடுதான் சேர வேண்டும். பின் வைத்த பல்பு ஹோல்டரில் மாறினாலும் ஆபத்து கூடுவதில்லை. மரை போட்டுத் திருகும் பல்பு என்றால் ஃபேஸ் ஹோல்டரின் நடுப்புள்ளிக்குப் போவதுதான் முறை. உலோக விளக்கில் பச்சை நிறத்தில் மூன்றாவது இழை ஒன்று இருந்தால் அது எர்த். இரண்டு இழைதானே வேண்டும் என்று அதை வெட்டி விட்டுவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வேண்டவே வேண்டாம். அதையும் அதே கவனத்தோடு சேர்த்தாக வேண்டும்.

இனி ஸ்லீவ். முறுக்குவதற்கு முன்பே அதை வயரில் கோத்துவிட வேண்டும். சால்டர் வேலை அழகாக முடிந்து, ஊதி ஆற வைத்து, ஸ்லீவை எடுத்தால் அதை நுழைக்க வழியே இருக்காது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த அனுபவம் ஒரு முறையாவது உண்டு. ஒரு இழைக்கு 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்லீவ் சரியாக வரும். சாதாரண ஸ்லீவ் சூட்டில் பாதியாகச் சுருங்கும், அதாவது 4 மில்லிமீட்டர் 2 ஆகும். நம் இழை, காப்போடு சேர்த்துச் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் பருமன் இருப்பதால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நீளம் நாலரை சென்டிமீட்டர். ஜாயின்ட் 2 சென்டிமீட்டர், இருபுறமும் காப்பின் மேல் ஒவ்வொரு சென்டிமீட்டர், மீதி அரை சென்டிமீட்டர் நீளவாக்கில் ஏற்படும் சுருக்கத்துக்கு. இப்படி இரண்டு துண்டு. இவற்றோடு இரண்டு இழையையும் சேர்த்து மூட 8 மில்லிமீட்டர் ஸ்லீவில் பதினைந்து சென்டிமீட்டர் துண்டு ஒன்று. பெரியதை முழு வயரில் கோத்து தள்ளி ஒதுக்கிவிடுங்கள். சிறியவற்றை இரண்டு பக்கமும் உள்ள நீளக் கால்களில் கோத்து, பிரிந்த இடம்வரை ஒட்டத் தள்ளுங்கள். கால் எட்டரை சென்டிமீட்டர் என்று கணக்குப் போட்டதே இதற்குத்தான். ஸ்லீவுக்கு நாலரை, முனையில் சீவ 2 போனால், நடுவில் 2 சென்டிமீட்டர் இடைவெளி மிச்சம். சால்டர் செய்யும்போது செம்பு வழியாக வரும் சூட்டில் ஸ்லீவ் தன்பாட்டுக்குச் சுருங்கிப் போய், ஜாயின்ட் மேல் ஏற மறுப்பது இந்த இடைவெளியால்தான் தடுக்கப்படுகிறது.

நாலு முனைகளிலும் 2 சென்டிமீட்டர் காப்பைச் சீவுங்கள். பிளேடை வட்டமாக உருட்டி, காப்பின் மேல் கீறல் மட்டும் போட்டு, நகத்தால் இழுத்தால் உருவிக்கொண்டு வரும். ஆழமாக அழுத்தினால் உள்ளே உள்ள கம்பிகளில் நாலைந்து அறுந்துவிடும். உருவின காப்புத் துண்டை எட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு நூல் ஒட்டியிருந்தால் அறுத்திருக்கிறீர்கள். ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் வெட்டிவிட்டு மறுபடி சீவுவதே மேல்.

இப்போது முறுக்கு. நம் பழக்கம் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பின்னல் வாலைப் போல முறுக்கி, பிறகு மடக்கிவிடுவது. அது குண்டாக இருக்கும், கூர்முனை வெளியே நீட்டும், ஸ்லீவைத் துளைக்கும். அதற்குப் பதிலாக இரண்டு கம்பிக் கட்டுகளையும் துடைப்பம் விரிவதுபோல் லேசாக விரித்து, எதிரெதிராக ஒன்றுக்குள் ஒன்று புகும்படி நேர்க்கோட்டில் தள்ளுங்கள். இரண்டும் பாதிக்கு மேல் புகுந்ததும், நடுவில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பக்கக் கம்பிகளையும் எதிர்க் கட்டின் மேல் இறுகச் சுற்றிவிடுங்கள். வயர் நேராகவே இருக்கிறது, பருமனும் காப்பின் அளவைத் தாண்டுவதில்லை. இழுத்துப் பார்த்தால் கையோடு வரக் கூடாது. இந்த நிலையிலேயே அது தாங்க வேண்டும். ஈயம் மென்மையான உலோகம். இழுவையைத் தாங்குவது செம்பின் முறுக்கு. தந்திக் காலத்தில் அமெரிக்க வெஸ்டர்ன் யூனியன் நிறுவனத்தின் பெயரில் நிலைத்துவிட்ட ஜாயின்ட் முறையும் இதே தத்துவம்தான். கம்பங்களுக்கிடையே தொங்கும் கம்பியின் எடையையே அந்தச் சுற்று தாங்கியது.

சால்டர் வைக்கும் கையில் இரண்டு வயரையும் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு பலகைத் துண்டில் துணி காயப்போடும் கிளிப் இரண்டை அரை அடி தள்ளி ஒட்டிக்கொண்டால், ஜாயின்ட் நடுவில் அந்தரத்தில் நிற்கும். அயர்னின் பிட் நன்றாகச் சூடேறியதும் ஈர ஸ்பஞ்சில் துடைத்து, அதில் ஈயத்தை லேசாகத் தொட்டுப் பளபளப்பாக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ரேடியோ பழுது பார்க்கும் பழைய கடைகளில் கற்றுக்கொள்ள வந்த பையன் முதலில் என்ன செய்கிறான்? ஈயக் கம்பியைப் பிட்டில் உருக்கி, ஒரு துளியை எடுத்துக்கொண்டு, சொட்டாமல் கொண்டுபோய் வயர் மேல் தடவுகிறான். துளி வயர் மேல் உட்காரும், உருண்டையாகவே ஆறிவிடும். கை பட்டதும் கழன்று விழும். காரணம் ஈயக் கம்பிக்குள் இருக்கிறது. அது முழுக்க ஈயமில்லை. நடுவில் நூலளவுக்குப் பைன் மரப் பிசின் ஓடுகிறது, அதுதான் பிளக்ஸ். செம்பின் மேல் காற்றுப் பட்டு உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் கரைத்து, ஈயம் செம்போடு கலக்க வழி செய்வது அதன் வேலை. பிட்டில் உருக்கினால் அந்தப் பிசின் ஓரிரு விநாடியில் புகையாகிப் பறந்துவிடுகிறது. வயரைத் தொடும்போது துளியில் பிளக்ஸ் இல்லை. வயரும் சூடாகவில்லை. ஒட்டாததில் ஆச்சரியமே இல்லை.

சரியான வழி தலைகீழானது. பிட்டை முறுக்கின் அடியில் வையுங்கள். அதன் நுனியை அல்ல, பக்கவாட்டுச் சரிவை. பிட்டும் கம்பியும் பரவலாகத் தொட வேண்டும். மூன்று நாலு விநாடி பொறுங்கள். பிறகு ஈயக் கம்பியைப் பிட்டில் அல்ல, மேல்பக்கத்தில் செம்பில் தொடுங்கள். செம்பு போதுமான சூட்டுக்கு வந்திருந்தால் ஈயம் தானே உருகும். அறுபதுக்கு நாற்பது என்று கடையில் சொல்லும் வெள்ளீய, காரீயக் கலவை 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 டிகிரி வாக்கில் முழுவதும் உருகிவிடும். உருகியதும் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். திரி எண்ணெயை இழுக்கிற அதே வேகத்தில் கம்பிகளுக்கு இடையே ஓடி அது சூடான பக்கமாகப் போகும். ஈயக் கம்பியை ஜாயின்ட்டின் நீளம் முழுக்க மெல்ல நகர்த்திவிட்டு எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு பிட். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் பிட்டை எடுத்துவிட்டால் ஈயக் கம்பி ஜாயின்ட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஆறும் சில விநாடிகளில் அசைக்கக் கூடாது. கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்த மேற்பரப்பில் ஒரு மங்கல் சட்டென்று ஓடி மறையும், அப்போது உறைந்துவிட்டது. ஊதுவதும் கூடாது, வயரைத் தள்ளுவதும் கூடாது. அசைந்தால் உள்ளே படிகம் படிகமாக உடைந்து, மேலே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். அதுதான் ‘கோல்டு ஜாயின்ட்’. எந்த அவசரமும் இல்லாமல் மீண்டும் சூடாக்கி, புதிதாகக் கொஞ்சம் ஈயம் தொட்டால் சரியாகிவிடும்.

நல்ல ஜாயின்ட் எப்படி இருக்கும்? ஈயம் செம்பின் மேல் ஒரு மெல்லிய பூச்சு போல படிந்திருக்கும். அடியில் உள்ள கம்பிச் சுற்றுகளின் வரிவடிவம் தெரியும். சுற்றே தெரியாமல் உருண்டு திரண்டிருந்தால் ஈயம் அதிகம், அல்லது சூடு குறைவு. ஓரங்கள் செம்போடு வழுக்கிச் சேர்ந்திருக்காமல் நீர்த்துளி போல விளிம்பு தூக்கி நின்றால் ஒட்டவில்லை. கூராக ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தால் பிட்டை மெதுவாக இழுத்ததன் விளைவு. அதைச் சும்மா விடாதீர்கள். ஸ்லீவ் சுருங்கி இறுகும்போது அந்த முள்தான் உள்ளிருந்து அதைக் குத்தும். பிட்டால் தொட்டால் மறைந்துவிடும். காரீயமில்லாத ஈயம் பயன்படுத்தினால் இதே கண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். அது 227 டிகிரியில் உருகும், ஆறியபின் இயல்பாகவே மங்கலாக இருக்கும்.

சூடு அதிகமானாலும் பிரச்சினை உண்டு. ஏழெட்டு விநாடிக்கு மேல் பிட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் பி.வி.சி. காப்பு பின்வாங்கும், பழுப்பேறும். ஈயமும் கம்பிகளின் ஊடே காப்புக்கு உள்ளே ஏறிவிடும். ஏறிய இடம்வரை வயர் விறைப்பாகி, விறைப்பு முடிந்து வளைவு தொடங்கும் எல்லையில் கம்பிகள் நாளடைவில் அறுந்து விழும். சால்டர் ஜாயின்ட் உடைந்துவிட்டது என்று சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில் உடைவது ஜாயின்ட் அல்ல, அதன் பக்கத்து இடமே. இந்தக் காரணத்தால்தான் விளக்கின் கழுத்திலோ அடித்தட்டை ஒட்டியோ தினமும் வளையும் இடத்தில் ஜாயின்ட் போடக் கூடாது.

ஆறியதும் மிச்சப் பிசினை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, சிறு ஸ்லீவை நகர்த்தி ஜாயின்ட்டின் நடுவில் நிறுத்துங்கள். இருபுறமும் காப்பின் மேல் ஒரு சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும்.

இந்த ஸ்லீவ் சுருங்குவது மாயமில்லை. பாலியோலிஃபின் என்ற பிளாஸ்டிக்கைக் குழாயாக வார்த்து, அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை எலெக்ட்ரான் கதிரால் ஒன்றோடொன்று குறுக்கே பிணைக்கிறார்கள். பிணைந்தபின் அது சூட்டில் இளகும், ஆனால் உருகி வழியாது. அந்த இளகிய நிலையில் குழாயை இரு மடங்கு விரித்து அப்படியே குளிர்வித்துவிடுகிறார்கள். மறுபடி சூடு கிடைத்ததும் பிணைப்புகள் பழைய அளவுக்கு இழுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் பால் குக் 1957-இல் தொடங்கிய ரேகெம் நிறுவனம் கதிர் வேதியியலைக் கொண்டு இந்தப் பொருளைத் தொழிலாக வளர்த்தது.

சூடு கொடுக்க ஹாட் ஏர் கன் இருந்தால் நல்லது. முடி உலர்த்தும் டிரையர் பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்திவிடும். அதன் காற்று போதுமான சூடல்ல. லைட்டர் பயன்படுத்துபவர்கள் சுடரின் முனைக்கு மேலே, தொடாத தூரத்தில் வயரை விடாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் கரி பிடிக்கும், பக்கத்து பி.வி.சி. பொங்கும். சூட்டை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் கொண்டு போங்கள். ஓரங்கள் முதலில் இறுகினால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு நடுவில் கொப்புளம் விடும். இறுகி முடிந்ததும் ஜாயின்ட்டின் மேடு பள்ளம் ஸ்லீவின் மேல் மங்கலாகத் தெரியும், ஓரத்தில் நகம் நுழையாது. இரண்டு சிறு ஸ்லீவும் ஆறியபின் பெரியதை இழுத்து மூடி அதே போல் சுருக்குங்கள். அது ஒரே நீளக் காப்பாகி, இரண்டு காலையும் பழையபடி ஒட்ட வைத்துவிடும்.

பல்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலிக்கும் நிலையில் வைத்துப் பாருங்கள். பிளக்கின் ஒரு பின்னுக்கும் ஹோல்டரின் ஒரு முனைக்கும் நடுவே ஒலிக்க வேண்டும். இரண்டு பின்களுக்கு நடுவே ஒலிக்கவே கூடாது. வயரை அசைத்தபடி மீண்டும் பாருங்கள். கடைசியாகக் கையை சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள், காரீயம் வயிற்றுக்குள் போக வேண்டிய பொருளில்லை. வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வைப்பதும் அவசியம். பிசின் புகை சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும்.

இந்த வித்தை கையில் வந்ததும் கண்ணில் பட்ட எல்லா வயர் முனையிலும் ஈயம் வைக்கத் தோன்றும். பிளக்குக்குள் திருகின் அடியில் போகும் முனையில் மட்டும் வைக்காதீர்கள். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி ஒதுங்கிக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் திருகு தளர்ந்து, பிளக் சூடாகி, பழுப்பேறும். அங்கே வெறும் செம்பை முறுக்கி வைப்பதே சரி. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், கெட்டில் போன்றவற்றின் வயருக்கும் நடுவில் ஜாயின்ட் வேண்டாம். ஆயிரம், இரண்டாயிரம் வாட் ஓடும் வயரில் ஜாயின்ட் கொஞ்சம் சொதப்பினாலும் அந்த இடமே சூடேறும். புது வயர் வாங்கும் செலவு அதற்கு ஒன்றுமில்லை.

ஸ்பீக்கர் வயருக்கு முறை இதேதான். வீட்டு மின்சாரம் இல்லாததால் பயமும் குறைவு. அங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பிளஸ், மைனஸ் மாறாதிருப்பதுதான். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் இரண்டு கூம்புகளும் எதிரெதிராக அசைந்து, பாட்டில் அடிநாதம் வற்றிப்போகும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயரைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸை மற்றதிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். ஒரு டிக் ஒலியோடு கூம்பு முன்னால் வந்தால் சரி. பின்னால் போனால் ஜாயின்ட்டை வெட்ட வேண்டிய அவசியமில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கம் இரண்டு முனைகளையும் மாற்றிச் செருகிவிட்டு, எது எது என்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.